கல்லடியில் அம்மா விட்டுச் சென்ற 64 பேர்ச் காணி: எழுதிப் பிரிப்பதா, வழக்கு வைப்பதா?

கல்லடி மூத்தவன்:

வணக்கம். எங்கள் அம்மாவுக்கு அவருடைய தாயார் சீதனமாக எழுதிக் கொடுத்த 64 பேர்ச் காணி கல்லடியில் இருக்கிறது. அம்மா உயில் எழுதாமல் 2009 இல் காலமானார். அப்பா 2014 இல் எங்கள் தங்கையின் பெயருக்கு ஒரு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு 2016 இல் காலமானார். பிள்ளைகள் நால்வர். நான் மூத்தவன், இரண்டாவது தம்பி கனடாவில் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று வாழ்கிறார், மூன்றாவது தம்பி 2020 இல் காலமாகிவிட்டார், அவருடைய மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தங்கை கலியாணம் முடித்த நாள் முதல் அந்தக் காணியில்தான் குடியிருக்கிறார். பழைய வீடு 2004 கடல்கோளில் போய்விட, இப்போதிருக்கும் கல்வீட்டை மைத்துனர் கட்டினார்.

நால்வருக்கும் 16 பேர்ச் வீதம் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். தங்கையோ, வீடும் வளவும் தனக்குச் சீதனம் என்று அம்மா பலர் முன்னிலையில் சொன்னார் என்றும், அப்பா எழுதிய உறுதி முழுக் காணிக்கும் உரியது என்றும் சொல்கிறார். சண்டை எதுவும் இல்லை. ஆனால் தம்பியின் பிள்ளைகளுக்கு ஏதாவது கையில் கிடைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கலடி விவசாயி:

அண்ணன், தமிழர்களுக்குத் தேசவழமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி சீதனம் கொடுத்த பெண்ணுக்குத் தாயின் சொத்தில் வேறு பங்கு கிடையாது. ஆண்பிள்ளைகள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அது போகட்டும் என்றாலும், ஒரு காணியில் பத்து வருடம் ஒருவர் தனியாக ஆட்சி செய்தால் அது அவருடையதாகிவிடும் என்றும் சட்டம் இருக்கிறது. உங்கள் தங்கை அதைவிட அதிக காலம் இருந்துவிட்டார். ஆகவே வழக்குக்குப் போனால் நீங்கள் தோற்பீர்கள் என்பது என் கருத்து.

வாவிக்கரைச் சட்டத்தரணி:

செங்கலடித் தம்பி சொன்னவற்றில் பத்து வருடம் என்ற எண் மட்டும் சரி. தேசவழமை யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் வட மாகாணத்துக்கும் உரிய வழக்காறு. மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது. இங்கு முன்பு முக்குவர் வழமை இருந்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது முடிந்துவிட்டது. மகளுக்கு வீடு கொடுப்பது இன்றும் நம் ஊரின் பழக்கமாக இருக்கலாம்; ஆனால் உறுதி இல்லாத பழக்கம் நீதிமன்றத்தில் உரித்தாக நிற்பதில்லை. அசையாச் சொத்தில் உரிமை கைமாற, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டும். அம்மா பத்துப் பேர் முன்னிலையில் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல்லால் காணி தங்கைக்குப் போகவில்லை.

அப்படியானால் நால்வருக்கும் சமபங்கா என்றால் அதுவும் இல்லை. 1876 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் வாழ்க்கைத் துணைக்குச் சொத்தில் அரைவாசி போகும். மற்ற அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். ஆகவே 2009 இல் அம்மா கண் மூடிய அன்றே 64 பேர்ச்சில் 32 பேர்ச் அளவான பிரிபடாத உரிமை அப்பாவுக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 8 பேர்ச் வீதமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு 2014 இல் அப்பா முழுக் காணியையும் எழுதினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தன்னிடம் இருந்த அரைவாசியைத்தான் அவரால் கொடுக்க முடியும், மீதி அவருடையதல்ல. அந்த நன்கொடையைத் தங்கை முறைப்படி ஏற்றுக்கொண்டதாக உறுதியில் இருந்தால், அந்த 32 பேர்ச் அவருக்குப் போய்விட்டது. அதோடு அவருடைய சொந்த 8 பேர்ச்சும் சேர்ந்து 40 ஆகும். உங்களுக்கு 8, கனடாத் தம்பிக்கு 8, காலமான தம்பியின் வழிக்கு 8. தம்பியின் 8 பேர்ச்சில் மனைவிக்கு 4, பிள்ளைகள் இருவருக்கும் 2 வீதம்.

16 என்று நினைத்த இடத்தில் 8 என்று கேட்பது மனதுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கை முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் நில அளவையாளரை அழைப்பது வீண் செலவு.

கல்லடி மூத்தவன்:

உறுதியின் பிரதியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "கிழக்கு கடற்கரை, மேற்கு ஒழுங்கை" என்று எல்லைகளைச் சொல்லி முழுக் காணியையும்தான் அப்பா எழுதியிருக்கிறார். தங்கை ஏற்றுக்கொண்டு கையொப்பமும் இட்டிருக்கிறார். அப்பாவுக்கு நொத்தாரிசு யாரும் இதை விளக்கிச் சொல்லவில்லை போலும். சரி, தங்கைக்கு 40 என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செங்கலடித் தம்பி சொன்ன ஆட்சி உரிமை என்ன ஆகும்?

வாவிக்கரைச் சட்டத்தரணி:

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் பத்து வருடம் என்கிறது உண்மை. ஆனால் அந்தப் பத்து வருட ஆட்சி மற்றவரின் உரிமையை மறுத்த ஆட்சியாக இருக்க வேண்டும். ஒரு பங்காளி காணியில் இருப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று 1911 இல் கோரியா எதிர் இசரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் தீர்மானித்தது. மற்றவர்களை அவர் வெளிப்படையாக வெளித்தள்ளினார் என்று காட்டினால்தான் காலம் ஓடத் தொடங்கும். 1918 இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கு இதைக் கொஞ்சம் தளர்த்தியது: நீண்ட காலத் தனி ஆட்சியும் அதோடு சேர்ந்த சூழ்நிலைகளும் இருந்தால், வெளித்தள்ளல் எப்போதோ நடந்துவிட்டது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். உங்கள் தங்கையின் விடயத்தில், அம்மா உயிரோடு இருந்த காலத்தில் அவர் அம்மாவின் அனுமதியோடு இருந்தவர். 2009 க்குப் பிறகு ஒரு பங்காளியாக இருந்தவர். நீங்கள் அங்கே போய் வந்தீர்களா, தேங்காயில் உங்களுக்கும் பங்கு வந்ததா என்பதெல்லாம் இங்கே சாட்சியமாகும்.

கல்லடி மூத்தவன்:

போன சித்திரை வரைக்கும் வருடப்பிறப்புக்கு முன்பு ஒரு சாக்குத் தேங்காய் தங்கையிடமிருந்து வரும்.

வாவிக்கரைச் சட்டத்தரணி:

அந்தச் சாக்கு உங்களுக்கு நல்ல சாட்சி. போன சித்திரைக்குப் பிறகு ஏன் வரவில்லை என்பதை மட்டும் காலம் கடத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்மாந்துறை வாசகர்:

இங்கே ஒரு சந்தேகம். எங்கள் வாப்பாவுக்குக் கல்லோயாக் குடியேற்றத்தில் கிடைத்த வயற்காணி இருக்கிறது. நாங்கள் பிள்ளைகள் ஆறு பேர். இதே முறையில் பங்கு வைத்து, ஆண்களுக்கு இரண்டு பங்கும் பெண்களுக்கு ஒரு பங்கும் என்று எழுதிக்கொள்ளலாம்தானே? காகமும் நாங்களும் மட்டும் அறிந்தபடி இப்போது வரப்புக் கட்டி ஆளுக்கொரு துண்டு செய்கிறோம்.

வாவிக்கரைச் சட்டத்தரணி:

இது வேறு விடயம், நானா. நீங்கள் சொல்லும் இரண்டுக்கு ஒன்று என்ற பங்கு, உறுதிக் காணிக்கு 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைச் சட்டப்படி சரி. ஆனால் குடியேற்றக் காணி பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்புப்பத்திரமாகவோ கொடுக்கப்பட்டது. அதில் பின்னுரித்தாளி யார் என்பதை அந்தச் சட்டமே தீர்மானிக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு அங்கே எடுபடாது. வாப்பா யாரையாவது நியமித்துப் பதிந்திருக்கிறாரா என்று பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவில் கேளுங்கள். வரப்புக் கட்டியது உங்களுக்குள் செய்த ஒழுங்கு மட்டுமே. இதைத் தனி இழையாகத் தொடங்கினால் நல்லது.

ஓய்வு பெற்ற அளவையாளர்:

கல்லடி மூத்தவனுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். "கிழக்கு கடற்கரை" என்று எழுதிய உறுதியை வைத்து இன்று அந்த இடத்தை அளப்பது இலகு அல்ல. கடல்கோளுக்குப் பிறகு கல்லடிப் பக்கம் பல வேலிகளும் எல்லைக் கற்களும் மரங்களும் இல்லாமல் போயின. பின்னர் அயலவர்கள் நினைவிலிருந்து வேலி போட்டார்கள். நான் அளந்த காணிகளில் உறுதியில் சொன்ன பரப்புக்கும் நிலத்தில் கிடைத்த பரப்புக்கும் சில பேர்ச்சாவது வித்தியாசம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே காணிப் பதிவகத்தில் உறுதிகளின் பதிவேட்டுப் பிரதிகளை எடுங்கள். அம்மாவின் சீதன உறுதிக்குப் பழைய நில அளவைப் படம் ஏதும் இருந்தால் தேடுங்கள். படம் இருந்தால் அதை இன்றைய நிலத்தோடு பொருத்திப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அயல் காணிகளின் படங்களிலிருந்து எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, துண்டு பிரிக்கும்போது பாதையை மறந்துவிடாதீர்கள். மேற்கே ஒழுங்கை என்றால், தங்கையின் வீடு ஒழுங்கையோரமா, கடலோரமா? ஒழுங்கையோரம் என்றால் பின்னால் விழும் துண்டுகளுக்கு அவருடைய வீட்டோரமாகப் பாதை விட வேண்டும். அந்தப் பாதை யாருடைய பங்கிலிருந்து கழிக்கப்படும் என்பதில்தான் பல குடும்பங்கள் முட்டிக்கொள்வதை நான் கண்டேன். பாதையை எல்லோருக்கும் பொதுவான தனித் துண்டாகப் படத்தில் காட்டி, அதன் பரப்பை முதலில் கழித்துவிட்டு மீதியைப் பங்கிடுவது நியாயமாக இருக்கும்.

மூன்றாவது, மாநகர சபை எல்லைக்குள் வீட்டுக் காணியைப் பிரிக்க உப பிரிவு அனுமதி வேண்டும். பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்கு, குறைந்த துண்டை அங்கீகரிக்க மாட்டார்கள். தம்பி மனைவிக்கு 4, பிள்ளைகளுக்கு 2 வீதம் என்றால் அது தனித்தனித் துண்டாக நிற்காது. மூவருக்கும் சேர்த்து ஒரே துண்டாக 8 பேர்ச் கொடுங்கள். பாதைக்குக் கழித்தாலும் 7 அளவில் நிற்கும்.

கல்லடி மூத்தவன்:

வீடு ஒழுங்கையோரம்தான். கிணறு வீட்டுக்குப் பின்னால், ஏறக்குறைய காணியின் நடுவில். பாதை பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

எல்லோரும் உடன்பட்டால் உறுதி எழுதினால் போதுமா? கனடாத் தம்பி நேரில் வர முடியாது.

வாவிக்கரைச் சட்டத்தரணி:

உடன்பட்டுப் பிரிப்பதற்கு இரண்டு அடிப்படைகள். படம் ஒன்று, அதை வைத்து எழுதும் பிரிவினை உறுதி ஒன்று. அந்த உறுதியில் எல்லாப் பங்காளிகளும் நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிட வேண்டும், அதில் ஒவ்வொருவரும் தம் துண்டைத் தவிர மற்றத் துண்டுகளில் தமக்கிருந்த பிரிபடாத உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார். ஒருவர் ஒப்பமிடாவிட்டால் அவரை அது கட்டுப்படுத்தாது. அவர் நாளைக்கு முழுக் காணிக்கும் வழக்கு வைக்கலாம். உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்தவுடன் துண்டுகளுக்குத் தனித்தனிப் பதிவு தொடங்கும். அதன் பிறகே ஆதன வரியைப் பிரித்துக் கேட்கலாம். காணியின் பெறுமதி சட்டம் குறிக்கும் எல்லையைத் தாண்டுமானால், அம்மாவின் சொத்துக்கு மரணசாசன வழக்கு முடிந்திருக்கிறதா என்று நொத்தாரிசு கேட்பார். அதையும் முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

கனடாத் தம்பி அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிவு செய்து பயன்படுத்த வேண்டும். "என் காணி அலுவல்களைப் பார்க்கவும்" என்ற பொதுவான வாசகம் போதாது. இந்தக் காணியைப் பிரித்து உறுதியில் ஒப்பமிடவும், துண்டை ஏற்கவும் அதிகாரம் தருவதாகத் தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவருக்கு காணி கைமாறுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் வாரிசு முறையில் 2009 இல் அவருக்கு வந்த பங்கை அது பாதிக்காது. பிரிபடாத பங்கை விட்டுப் பிரிந்த துண்டை ஏற்பது அந்தச் சட்டத்தின் கீழ் கைமாற்றமா, இல்லையா என்பதில் நொத்தாரிசுமாரிடையே ஒத்த கருத்தில்லை. இதை உங்கள் நொத்தாரிசிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது உத்தமம்.

உங்களுக்குப் பெரிய தடை இந்தத் தம்பி அல்ல. காலமான தம்பியின் பிள்ளைகள். 18 வயது நிரம்பாதவர்களுக்காகத் தாய் ஒப்பமிட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிறுவரின் அசையாச் சொத்தை விடவோ மாற்றவோ நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் எழுதிய பிரிவினையை அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பின் எதிர்க்கலாம். ஆகவே உடன்பாடு இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு நீதிமன்றத்தின் வாசல் ஏறாமல் முடியாது. அனுமதி விண்ணப்பமா, பாகப்பிரிவினை வழக்கா என்பதே கேள்வி.

காரைதீவு ஆசிரியை:

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியப்பா காலத்தில் வாய்ப்பேச்சால் வேலி போட்டுப் பிரித்தார்கள். ஒருவர் துண்டில் ஒருவர் மூக்கை நுழைத்ததே இல்லை. நான் வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனபோது, உறுதியில் இன்னும் பிரிபடாத பங்கு என்றுதான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வழக்கு வைத்தோம். முதல் நிலையிலேயே பல வருடம் போனது. ஒரு பங்காளி இறக்க, அவருடைய வாரிசுகளைச் சேர்க்க வேண்டும் என்று தவணை, பின்பு இன்னொருவர். என் அனுபவத்தில் வழக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

வாவிக்கரைச் சட்டத்தரணி:

வங்கி சொன்னது சரி. உடன்பட்டு வேலி போட்டு நீண்ட காலம் தனித்து ஆண்டால் அந்தத் துண்டுக்குத் தனி உரித்து உண்டாகலாம். அதை உங்கள் உறுதி காட்டாது. நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

கல்லடி விடயத்தில் வழக்கின் போக்கை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி எந்த ஒரு பங்காளியும், எத்தனை சிறிய பங்குடையவராக இருந்தாலும், காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். மூத்தவன் வழக்காளி என்றால் மற்ற எல்லோரும் பிரதிவாதிகள். அது சண்டை என்று பொருளல்ல. வழக்குரையில் காணியின் எல்லைகள், உரித்து ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்த வழி, வாரிசுகள் யாவர் என்பதெல்லாம் வர வேண்டும். உடனே காணிப் பதிவகத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதாகப் பதியப்படும். அது பதிந்த பின் வழக்கு முடியும் வரை யாரும் தம் பிரிபடாத பங்கை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பதிவேட்டில் உரிமை உடையவராகத் தெரிபவர் எவரும் விடுபட்டிருக்கிறார்களா என்று சட்டத்தரணியே தேடிப் பார்த்துச் சான்றுரைக்க வேண்டும். வாரிசு ஒருவரை வேண்டுமென்று மறைத்தால், இறுதித் தீர்ப்பாணை எல்லோரையும் கட்டுப்படுத்தும் வலிமையுடையது என்பதனால் அவர் தம் பங்கை இழந்துவிடலாம். ஆனால் மறைத்தவர் மீது அவர் நட்டஈடு கேட்கலாம்.

பின்பு பூர்வாங்க அளவை நடக்கும். அறிவித்தல் காணியில் ஒட்டப்படும், கிராம உத்தியோகத்தருக்கும் போகும்.

ஓய்வு பெற்ற அளவையாளர்:

அந்த அளவை நாளில் எல்லோரும் வந்திருப்பது நல்லது. நீதிமன்றப் பணிப்பாணையோடு வரும் அளவையாளர் எல்லையை மட்டுமல்ல, வீட்டையும் கிணற்றையும் தென்னைகளையும் அவற்றின் வயதையும் குறிப்பார். "இது யார் கட்டியது, யார் நட்டது" என்று அங்கே நிற்பவர்களிடம் கேட்டு, யார் எதை உரிமை கோரினார் என்று அறிக்கையில் எழுதுவார். மைத்துனர் அன்று வீட்டிலிருந்து வெளியே வராமல் இருந்தால், வீடு தாம் கட்டியது என்ற உரிமைகோரல் அறிக்கையில் இல்லாமல் போகலாம். அறிக்கையில் வராத கோரிக்கையைப் பின்பு நிரூபிப்பது கடினம்.

இன்னொன்று: வழக்குரையில் 64 பேர்ச் என்று சொல்லி, அளவையில் 70 வந்தால், அந்த 6 பேர்ச் எங்கிருந்து வந்தது என்று எதிர்த்தரப்போ அயலவரோ கேட்பார்கள். இந்தக் காணிதான் அந்தக் காணி என்று நிரூபிக்க முடியாமல் தள்ளுபடியான வழக்குகள் உண்டு.

வாவிக்கரைச் சட்டத்தரணி:

நன்றாகச் சொன்னீர்கள். விசாரணையில் எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், நீதிபதி உரித்தை ஆராய்ந்தே பங்குகளைத் தீர்மானிப்பார். அதுவே இடைக்காலத் தீர்ப்பாணை. அதன் பிறகு பிரிக்கும் பணிப்பாணை, வரைவுத் துண்டுகள், ஆட்சேபனை, இறுதித் தீர்ப்பாணை என்று போகும். வீடு கட்டியவரின் பங்கு போதுமாயின் அவர் கட்டிய கட்டடம் இயன்றவரை அவருடைய துண்டுக்குள் விழுமாறு செய்வார்கள். தங்கைக்கு 40 பேர்ச் இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. மைத்துனர் சொந்தப் பணத்தில் கட்டியதற்குப் பங்கு இல்லாதவர் என்ற வகையில் அவர் தனியாக நட்டஈடு கேட்பாரா என்பது அவர் எடுக்கும் நிலைப்பாட்டைப் பொறுத்தது. பிரிக்க இயலாத அளவுக்குச் சிறிய காணியாக இருந்தால் நீதிமன்றம் விற்பனைக்குக் கட்டளையிடலாம். உங்கள் காணி அப்படி ஆகாது. செலவு பங்கு வீதத்தில் போகும்.

செங்கலடி விவசாயி:

அப்படியானால் வழக்கை வைத்துக்கொண்டே எல்லோரும் உள்ளே சமாதானமாகப் பேசி முடிக்கலாம் அல்லவா? சிறுவர்களுக்கும் வழக்கில் பாதுகாவலர் நியமிப்பார்கள்தானே.

வாவிக்கரைச் சட்டத்தரணி:

முடியும். இப்போது சரியாகப் பிடித்துவிட்டீர்கள். சண்டை இல்லாத குடும்பம் சிறுவர்கள் காரணமாக வழக்கு வைப்பது அதிசயமல்ல. ஆனால் உடன்பாட்டு வழக்கு என்றாலும் அளவை, அறிவித்தல், உரித்து விசாரணை மூன்றும் தவிராது. சிறுவர்களின் பிரதிநிதியாக நியமிக்கப்படுபவர், பிள்ளைகளின் துண்டு கடலோரத்துப் பின்மூலையில் தள்ளப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாயையே நியமிப்பதா, அவருடைய பங்கும் அதே துண்டில் இருப்பதால் வேறொருவரா என்று நீதிமன்றம் பார்க்கும்.

கல்லடி மூத்தவன்:

நேற்று தங்கையோடு பேசினேன். 40 பேர்ச் என்ற கணக்கைக் கேட்டதும் அவர் நிம்மதியடைந்தார். எனக்கு 8 என்று கேட்டபோது அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். மைத்துனர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. தம்பி மனைவி, தன் பிள்ளைகளின் துண்டு ஒழுங்கையில் முகம் கொடுக்க வேண்டும் என்கிறார், ஆனால் ஒழுங்கையோரம் முழுவதும் வீடு நிற்கிறது. அடுத்த கிழமை காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். அம்மாவின் சீதன உறுதியில் ஒரு படத்தின் இலக்கம் இருக்கிறது, அந்தப் படம் யாரிடம் கிடைக்கும்?

ஓய்வு பெற்ற அளவையாளர்:

உறுதியில் அந்தப் படத்தை வரைந்த அளவையாளரின் பெயரும் திகதியும் இருக்கும். தனியார் படம் என்றால் அவருடைய அலுவலகத்தையோ அவருக்குப் பின் கோப்புகளை வைத்திருப்பவரையோ கேட்க வேண்டும். அரச படம் என்றால் மாவட்ட நில அளவைத் திணைக்களத்தில் பிரதி கிடைக்கும். அதை எடுத்த பின், வீட்டின் தெற்குப் பக்கம் எத்தனை அடி வெற்றிடம் இருக்கிறது என்று அளந்து இங்கே எழுதுங்கள். அதில் பாதை விழுமா என்று பார்ப்போம்.

கல்லடி மூத்தவன்:

தெற்குப் பக்கம் மதிலுக்கும் சுவருக்கும் இடையே 11 அடி. வடக்கில் 5 அடிகூட இல்லை.

ஓய்வு பெற்ற அளவையாளர்:

11 அடி என்றால் தெற்குப் பக்கமாகப் பாதை நினைத்துப் பார்க்கலாம்; அந்த அகலத்தை ஏற்பார்களா என்று சபையின் திட்டமிடல் பிரிவில் கேட்டுவிட்டே வரைபடத்தில் போடுங்கள். கிணற்றைப் பாதையின் ஓரத்தில் பொதுவாக விடலாமா என்பது தங்கையின் சம்மதத்தைப் பொறுத்தது.